புஸ்ஸென்று வந்த விளம்பரம்

பாத்திரக் கடைக்காரர் எட்டுப் பக்கக் கையேட்டை நீட்டி, "இதுல இருக்கிறதெல்லாம் வந்துடணும் சார்" என்றார். தாத்தா கடை தொடங்கிய கதை, மூன்று மாடி, சீர்வரிசை செட், கதவு எண்ணோடு முகவரி, இரண்டு செல்போன் எண்கள். எஃப்.எம். கொடுப்பதோ 30 விநாடி.

தமிழில் அதற்குள் 45, 50 சொற்களைத்தான் மூச்சு வாங்காமல் பேச முடியும். தாளில் சின்னதாகத் தெரியும் 'ரூ.1,499' வாயில் 'ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்' என்று நீண்டு இரண்டு விநாடியை விழுங்கும். ஒரு செல்போன் எண்ணுக்கு ஐந்து விநாடி போய்விடும். பைக்கில் போகிறவர் அதை எங்கே எழுதிக்கொள்வது?

அதனால் கையேட்டில் காதுக்கு ஏற்றது எது என்றுதான் தேடினேன். ஆறாம் பக்க மூலையில் கிடைத்தது: பழைய குக்கரைக் கொடுத்தால் புதியதில் ரூ.500 தள்ளுபடி, ஜனவரி 15 வரை. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. மூன்று லிட்டரும் அதற்கு மேலும் மட்டும். குக்கருக்குச் சொந்தமாகவே ஒரு சத்தம் இருக்கிறதே!

(ஆவி கசியும் சத்தம், 2 விநாடி)
மாமியார்: எத்தனை விசிலும்மா ஆச்சு?
மருமகள்: விசிலா? அரை மணி நேரமா புஸ்ஸுன்னுதான் வருது அத்தை!
மாமியார்: தூக்கிட்டுக் கிளம்பு. பழைய குக்கர் கொடுத்தா, புதுசுல ஐந்நூறு ரூபா குறைக்கிறாங்க.
மருமகள்: இந்த ஓட்டைக் குக்கருக்கா?
மாமியார்: எதுவானாலும் சரி. புதுசு மூணு லிட்டராவது இருக்கணும். பொங்கல் வரைக்கும்தான்!
(விசில்)
அறிவிப்பாளர்: ........ பாத்திரக் கடை. பஸ் ஸ்டாண்டு எதிரில். ........ பாத்திரக் கடை.

தேதி 'பொங்கல்' ஆனது. கதவு எண் 'பஸ் ஸ்டாண்டு எதிரில்' ஆனது. நட்சத்திரக் குறியை மாமியார் வாயில் போட்டேன். கடைசியில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று யாரோ கடகடவென்று ஓட்டினால் ஒருவருக்கும் புரியாது. கடைக்கு வந்தபின் சண்டைதான் மிஞ்சும்.

மனசுக்குள் படித்தபோது 24 விநாடி. அதை நம்பக் கூடாது. கண் வாயைவிட வேகம். ஸ்டாப் வாட்சோடு இரண்டு பேர் நடித்துப் படித்ததில் 33 வந்தது. மாமியார் முதலில் "அந்த ஓட்டைய இன்னும் எதுக்கு வெச்சிருக்க" என்று ஒரு வரி பேசினார். எனக்குப் பிடித்த வரி. அதை எடுத்ததும் 30க்குள் வந்துவிட்டது.

கடைக்காரர் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தா?" என்றார். தாத்தாவுக்குத் தனியாக இன்னொரு 30 விநாடி வாங்கலாம் என்றேன். விலையைக் கேட்டார்.