வேலை வேண்டாம், உறவு வேண்டும்

ஆஃபர் லெட்டர் வந்தபின் மறுப்பதென்றால், முதலில் ஹெச்.ஆருக்குப் போன் செய்துவிட்டு அன்றே மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள். தாமதித்தால், பட்டியலில் அடுத்து இருப்பவர் வேறிடம் போய்விடலாம். மறுப்பைவிட நிறுவனத்துக்கு அதுதான் உறுத்தும்.

கடிதம் ஐந்தாறு வரி போதும். நன்றி சொன்ன கையோடு முடிவையும் சொல்லிவிட வேண்டும். காரணம் ஒன்றே ஒன்று: “குடும்பச் சூழலால் இப்போதைக்குக் கோவையை விட்டு வர இயலவில்லை.” சம்பளம் போதவில்லை என்று எழுதினால் பேரம் பேசுவதாகவே எடுத்துக்கொள்வார்கள், பேரத்தை மறுப்புக்கு முன்பே முடித்திருக்க வேண்டும்.

“எதிர்காலத்தில் வாய்ப்பிருந்தால்...” என்ற சம்பிரதாய வரி யார் மனதிலும் நிற்காது. “கோவையில் கிளை தொடங்கினால், தரப் பரிசோதனைப் பணிக்கு என்னையும் நினைவில் வையுங்கள்” என்று எழுதுங்கள். நேர்காணல் செய்த மேலாளருக்கும் ஒரு நகல் போகட்டும். அடுத்த முறை ஆள் தேடுபவர் பெரும்பாலும் அவர்தான்.