கணினிச் சில்லின் வேகம் ஏன் நின்றது?

மாணவர்களே, மடிக்கணினி வாங்கப் போகும்போது அதன் பெட்டியில் கிகாஹெர்ட்ஸ் என்று ஓர் எண் போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கணினிச் சில்லு ஒரு வினாடியில் எத்தனை நூறு கோடி முறை துடிக்கிறது என்பதை அந்த எண் சொல்கிறது. 1993இல் வெளிவந்த முதல் பென்டியம் சில்லு 0.06 கிகாஹெர்ட்ஸில் ஓடியது. 2004இன் இறுதியில் பென்டியம் 4 சில்லு 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டுவிட்டது. பதினொரே ஆண்டுகளில் அறுபது மடங்குக்கும் மேல்! அதன் பிறகு இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்று கடையில் கிடைக்கும் மிக வேகமான மேசைக்கணினிச் சில்லுகள்கூட 6 கிகாஹெர்ட்ஸை ஒட்டித்தான் நிற்கின்றன. இரண்டு மடங்குகூட ஆகவில்லை.

பொறியாளர்கள் சோம்பேறிகளாகிவிடவில்லை. அதுவரை அவர்களுக்குக் கைகொடுத்து வந்த ஒரு கணக்கு அந்தக் காலத்தில்தான் பொய்த்துப்போனது.

அந்தக் கணக்கை எழுதியவர் அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் டென்னார்ட். அவரும் அவருடைய சகாக்களும் 1974இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். டிரான்சிஸ்டரைச் சிறியதாக்கினால் என்ன நடக்கும் என்பதுதான் அதன் கேள்வி.

டிரான்சிஸ்டர் என்பது மின்சாரத்தைத் திறந்து மூடும் ஒரு குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயின் திருகு போல வேலை செய்யும் பகுதிக்குக் கேட் என்று பெயர். கேட்டுக்கும் அதன் அடியில் உள்ள சிலிக்கனுக்கும் இடையே மின்சாரம் கடத்தாத மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று இருக்கிறது. கேட்டுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் கீழே பாதை திறந்து எலக்ட்ரான்கள் ஓடும். எடுத்துவிட்டால் பாதை மூடிக்கொள்ளும்.

இந்த டிரான்சிஸ்டரின் நீளம், அகலம், படலத்தின் தடிமன் எல்லாவற்றையும் பாதியாக்குவோம். மின்னழுத்தத்தை மட்டும் பழையபடியே விட்டால் ஆபத்து. மின்னழுத்தத்தைத் தூரத்தால் வகுத்தால் வருவது மின்புலம். தூரம் பாதியானால் மின்புலம் இரட்டிப்பாகும். அது அளவுமீறினால் படலமே சிதைந்துவிடும். அதனால் மின்னழுத்தத்தையும் பாதியாக்கிவிடுங்கள் என்றார் டென்னார்ட். அப்போது மின்புலம் மாறாது. எலக்ட்ரானைத் தள்ளும் விசை முன்பு போலவே இருக்கும், ஆனால் அது ஓட வேண்டிய தூரம் பாதிதான். ஆகவே பாதி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். சில்லை இரு மடங்கு வேகத்தில் துடிக்கவிடலாம்.

இனி வெப்பத்தைக் கணக்கிடுவோம். ஒரு தாளை எடுத்துக்கொண்டு என்னோடு சேர்ந்து போட்டுப் பாருங்கள். டிரான்சிஸ்டர் செலவழிக்கும் மின்திறன் மூன்றைப் பொறுத்தது: கேட் எவ்வளவு மின்னூட்டத்தைத் தேக்குகிறது என்கிற தேக்குத்திறன், மின்னழுத்தத்தின் வர்க்கம், துடிப்பு வேகம். கேட்டின் பரப்பு கால் பங்காகிறது, படலம் பாதியாகிறது. எனவே தேக்குத்திறன் பாதி. மின்னழுத்தம் பாதியானதால் அதன் வர்க்கம் கால். வேகம் இரண்டு மடங்கு. மூன்றையும் பெருக்கினால் ½ × ¼ × 2 = ¼. ஒரு டிரான்சிஸ்டருக்கு முன்பு செலவானதில் கால் பங்கு மின்திறன்தான் தேவை.

ஆனால் அதே இடத்தில் இப்போது நான்கு டிரான்சிஸ்டர்கள் அடங்குமே! நான்கு கால்கள் சேர்ந்தால் ஒன்று. அதாவது, நான்கு மடங்கு டிரான்சிஸ்டர்கள் இரண்டு மடங்கு வேகத்தில் வேலை செய்தும், ஒரு சதுர சென்டிமீட்டரில் எழும் வெப்பம் மாறவே இல்லை. எனக்குத் தெரிந்தவரை பொறியியலில் இவ்வளவு மலிவாகக் கிடைத்த பரிசு வேறு இல்லை.

தொழிற்சாலைகள் இதை அச்சுப்பிசகாமல் பின்பற்றவில்லை என்பதும் உண்மை. சுற்றியுள்ள மற்ற பாகங்களோடு பொருந்த வேண்டுமே என்று பல ஆண்டுகள் 5 வோல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1990களில்தான் 3.3, 2.5, 1.8 என்று படிப்படியாக இறங்கினார்கள். 2004 வாக்கில் 1.3 வோல்ட்டுக்கு அருகில் வந்தபோது கால் தரையில் தட்டியது. அதற்கு மேல் இறங்க வழியில்லை.

ஏன்? எல்லாவற்றையும் சுருக்கிய பொறியாளர்களால் அறையின் வெப்பநிலையைச் சுருக்க முடியாது.

டிரான்சிஸ்டரின் பாதை திறக்க ஒரு குறைந்தபட்ச மின்னழுத்தம் வேண்டும். இதைத் தொடக்க மின்னழுத்தம் என்போம். மொத்த மின்னழுத்தத்தைக் குறைத்தால் இதையும் குறைத்தாக வேண்டும். இல்லையென்றால் திருகைத் திறக்கவே வலு போதாது. ஆனால் இதே தொடக்க மின்னழுத்தம்தான், பாதை மூடியிருக்கும்போது எலக்ட்ரான்களைத் தடுக்கும் சுவரின் உயரத்தையும் தீர்மானிக்கிறது. எலக்ட்ரான்களோ வெப்பத்தால் எந்நேரமும் துள்ளிக்கொண்டே இருப்பவை. ஒரு தொட்டிக்குள் தவளைகள் துள்ளுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை கொஞ்சம்தான் எம்பும். ஏதோ ஒன்றிரண்டு சுவரைத் தாண்டி வெளியே குதித்துவிடும். சுவரைத் தாழ்த்தத் தாழ்த்தத் தப்பிப்பவற்றின் எண்ணிக்கை மளமளவென்று ஏறும்.

எவ்வளவு ஏறும்? சாதாரண அறை வெப்பநிலையில், மிக நன்றாகச் செய்த டிரான்சிஸ்டரிலும் தொடக்க மின்னழுத்தம் 60 மில்லிவோல்ட் குறைந்தாலே கசிவு பத்து மடங்காகிவிடும். நடைமுறையில் இது 100 மில்லிவோல்ட்டுக்குப் பத்து மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 0.4 வோல்ட்டை 0.2 வோல்ட்டாகப் பாதியாக்கும்போது கசிவு நூறு மடங்கு கூடுகிறது. 1974இல் ஒரு சில்லில் சில ஆயிரம் டிரான்சிஸ்டர்களே இருந்ததால் இந்தக் கசிவு பெரிதாகத் தெரியவில்லை. இது மற்ற அளவுகளைப் போலச் சுருங்காது என்பதை டென்னார்ட் குழுவினர் அந்தக் கட்டுரையிலேயே குறித்திருந்தார்கள். 2004இன் பென்டியம் 4 சில்லிலோ 12.5 கோடி டிரான்சிஸ்டர்கள். ஒவ்வொன்றும் சொட்டினால்கூட மொத்தத்தில் ஆறாக ஓடும். போதாக்குறைக்கு, ஆக்சைடு படலம் 1.2 நானோமீட்டருக்கு, அதாவது சுமார் ஐந்து அணு அடுக்குகளுக்கு மெலிந்திருந்ததால் எலக்ட்ரான்கள் அதையும் ஊடுருவிக் கசிந்தன. கசிவு சில்லைச் சூடாக்கும். சூடானால் கசிவு இன்னும் கூடும்.

இப்போது பழைய தாளை எடுங்கள். மின்னழுத்தத்தைக் குறைக்காமல் மீண்டும் அளவைப் பாதியாக்கினால் ½ × 1 × 2 = 1. டிரான்சிஸ்டர் ஒவ்வொன்றும் பழைய மின்திறனையே கேட்கிறது, இடத்திலோ நான்கு இருக்கின்றன. வெப்பம் நான்கு மடங்கு!

அந்த பென்டியம் 4 ஏற்கெனவே எந்த நிலையில் இருந்தது தெரியுமா? அதன் பரப்பு 112 சதுர மில்லிமீட்டர். நம் சுண்டுவிரல் நகம் அளவுதான். அதிலிருந்து சுமார் 115 வாட் வெப்பத்தை அகற்ற வேண்டியிருந்தது. சதுர சென்டிமீட்டருக்கு 100 வாட்டுக்கும் சற்று மேல். 18 சென்டிமீட்டர் விட்டமும் 1,500 வாட் திறனும் உள்ள மின்சார அடுப்பில் அது வெறும் 6 வாட்தான். நான்கு மடங்கு என்பதை இங்கே யோசிக்கவே முடியாது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வெளியிடும் திட்டத்தை இன்டெல் 2004 அக்டோபரில் கைவிட்டது. அடுத்த ஆண்டே, ஒரே சில்லில் இரண்டு கணிப்பகங்களை வைத்து விற்கத் தொடங்கினார்கள்.

வேகத்தைக் கூட்டாமல் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் பிழைத்துவிடலாமா? ½ × 1 × 1 = ½; நான்கு சேர்ந்தால் 2. அப்போதும் வெப்பம் இரட்டிப்பாகிறது. அதனால்தான் இன்றைய சில்லுகளில் எல்லாப் பகுதிகளையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடவிடுவதில்லை. நீங்கள் கைப்பேசியில் காணொளி பார்க்கும்போது அதற்கென்றே உள்ள சிறு பகுதி விழித்து வேலை செய்கிறது. அந்நேரம் தேவைப்படாத பகுதிகளுக்கு மின்சாரத்தையே நிறுத்திவிடுகிறார்கள். வடிவமைப்பாளர்கள் அந்தப் பகுதிகளுக்கு வைத்த பெயர் 'இருண்ட சிலிக்கன்'.