எஸ் சேர்ந்தால் பழசா?

‘டுவர்ட்ஸ்’, ‘அமங்ஸ்ட்’ இரண்டையும் பழைய பாணி என்று ஒரே கூடையில் போடுவது தவறு.

‘டுவர்ட்’, ‘டுவர்ட்ஸ்’ இரண்டுமே பழைய ஆங்கிலத்திலிருந்து வந்தவை, பொருளும் ஒன்றுதான். பிரிட்டனில் எஸ் உள்ள வடிவமே இன்றும் இயல்பு. அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் நடைக்கையேடோ அந்த எஸ்ஸை நீக்கச் சொல்கிறது. ஆக, இது வயதுப் பிரச்சினை அல்ல, ஊர் வழக்கு.

‘அமங்ஸ்ட்’ கதை வேறு. முதலில் எஸ் சேர்ந்தது. கடைசி ‘ட்’ பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அமெரிக்கக் காதுக்கு அது பழைய வாடை. பிரிட்டனில் புழக்கத்தில் இருந்தாலும், அங்கேயும் ‘அமங்’தான் அதிகம், கார்டியன் நாளிதழின் நடைவிதியும் அதையே கேட்கிறது.

பிரிட்டிஷ் நடையில் அலுவலகக் கடிதம் எழுதுபவர் ‘டுவர்ட்ஸ்’ என்று தயங்காமல் எழுதலாம். ‘அமங்ஸ்ட்’ வரும் இடத்தில் ‘அமங்’ போட்டால் எதுவும் குறையாது.