முதல் 300 டி-ஷர்ட்

திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரரிடம் புதிதாக ஒருவர் போய், சொந்தப் பிராண்டு போட்டு 300 டி-ஷர்ட் வேண்டும், நான்கு கலர், ஐந்து சைஸ் என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "கலருக்கு ஐநூறு பீஸாவது வேணுங்க தம்பி." சின்ன ஆள் என்று ஒதுக்குகிறார்கள் என நினைத்துப் பலர் அத்தோடு திரும்பிவிடுகிறார்கள். சிலர் பீஸுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி வாதாடுகிறார்கள். அந்த ஐநூறு எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. பேரம் தொடங்க வேண்டியதோ அந்தக் கேள்வியில்தான்.

பின்னலாடைத் துணி கிலோ கணக்கில் விற்கிறது. 180 ஜிஎஸ்எம் காட்டன் துணியில் கிலோவுக்கு நான்கு, நாலரை பீஸ் கிடைக்கும். சேதாரத்தையும் சேர்த்தால் 300 பீஸுக்கு ஏறக்குறைய 70 கிலோ. நான்கு கலராகப் பிரித்தால் கலருக்கு 17 கிலோதான் வருகிறது. 100 கிலோ பிடிக்கும் சாய மெஷினில் 17 கிலோவைப் போட்டாலும் மெஷின் ஓடும் நேரமும் ஆள் கூலியும் அதேதான். அதனால் சாயப்பட்டறை அவ்வளவு சின்ன லாட்டை எடுக்காது, எடுத்தாலும் முழு லாட்டுக்கான கூலியைக் கேட்கும். கம்பெனிக்காரர் சொல்லும் ஐநூறில் பெரும் பங்கு இந்தச் சாயக் கணக்கு.

இது தெரிந்தால் கேள்வியே மாறிவிடுகிறது. "300 பீஸ் செய்து தருவீர்களா?" என்பதற்குப் பதில், "உங்களிடம் சாயம் போட்ட துணி எந்தக் கலரில் ஸ்டாக் இருக்கிறது?" என்று கேட்கலாம். கறுப்பு, நேவி, வெள்ளை போன்ற ஓடும் கலர்கள் கம்பெனியிலோ துணிக் கடையிலோ ரோலாகவே கிடைக்கும். நான்கு கலரை இரண்டாக்கி, அந்த ஸ்டாக் துணியிலேயே மூன்று விதப் பிரிண்ட் போட்டால், கடையில் ஆறு விதச் சரக்காகத் தெரியும். சாயத் தடை அங்கேயே நீங்கிவிடுகிறது. ஒற்றைக் கலர் பிரிண்டாக இருந்தால் ஸ்கிரீன் செலவும் அடங்கும். ஐந்து சைஸை மூன்றாக்கினால் கட்டிங் மாஸ்டருக்கும் வேலை எளிது. இத்தனையும் செய்தபின் கேட்கும் விலைக்குறைப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைக் கம்பெனிக்காரரும் ஒப்புக்கொள்வார்.

தைக்கிற கூலியில் மட்டும் கையை வைக்காதீர்கள் என்பேன். துணி, கட்டிங்-தையல்-பேக்கிங், பிரிண்ட், லாபம் என்று விலையைப் பிரித்துக் கேளுங்கள். கூலியைப் பிழிந்தால் அந்த இழப்பை ஈடுகட்டச் சுலபமான வழி துணியில்தான் இருக்கிறது. 180 என்று பேசிய இடத்தில் 160 ஜிஎஸ்எம் வந்து சேரும். தொட்டுப் பார்த்து இதைப் பிடிப்பது கடினம். நூறு சதுர சென்டிமீட்டர் வட்டமாகத் துணியை வெட்டும் ஜிஎஸ்எம் கட்டர் திருப்பூரில் பல இடங்களில் உண்டு. அந்த வட்டம் 1.8 கிராம் இருந்தால் 180. சுருக்கத்துக்கு, துணியில் 50 சென்டிமீட்டர் சதுரம் வரைந்து, துவைத்துக் காயவைத்து மறுபடி அளக்க வேண்டும். 47 வந்தால் ஆறு சதவீதச் சுருக்கம், எல் சைஸ் வாங்கியவருக்கு எம் போலப் பிடிக்கும். இந்த இரண்டு சோதனையையும் துணி வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டும். வெட்டிய துணியைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

முன்பின் வியாபாரம் இல்லாதவருக்குக் கடன் கிடைக்காது, கேட்பதும் வீண். "அடுத்த ஆர்டர் பத்தாயிரம் பீஸ்" என்ற வாக்கையும் அவர்கள் தினமும் கேட்கிறார்கள். நம்மால் கொடுக்க முடிந்தவை வேறு. பாதிப் பணம் முன்பணம். மீதி, சரக்கை நேரில் பார்த்தபின், லாரியில் ஏறுமுன். அளவும் கழுத்து ரிப்பின் அகலமும் லேபிள் இடமும் எழுதிய ஒரே தாள். இருவரும் கையெழுத்திட்ட ஒரு சாம்பிள் பீஸ், இரண்டு பக்கமும் ஆளுக்கொன்று. இடையில் மாற்றிக்கொண்டே இருக்கும் வாடிக்கையாளரைவிட இப்படித் தெளிவாக வருபவரின் சின்ன ஆர்டரைக் கம்பெனிக்காரர் விரும்பி எடுப்பார். பெரிய ஏற்றுமதி ஆர்டர்களுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் தைத்துக் கொடுங்கள் என்று நாள் கணக்கைத் தளர்த்திக் கேட்டால், விலையிலும் கொஞ்சம் இறங்குவார்.

ஆனால் தளர்த்தியதற்கு ஒரு வரம்பு வேண்டும். சின்ன ஆர்டர் தவறுவது பெரும்பாலும் பெரிய ஆர்டருக்குப் பின்னால் தள்ளப்படுவதால்தான். டெலிவரி தேதி மட்டும் பேசினால் தள்ளப்பட்டது கடைசி நாளில்தான் தெரியும். துணி என்று வெட்டப்படும் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த நாளில் கட்டிங் டேபிள் போட்டோ வரவில்லை என்றால் உடனே நேரில் போய்ப் பார்க்கலாம். அப்போது இன்னும் நேரம் இருக்கும்.

எண்ணிக்கை கூடக் குறைய வந்தால் எவ்வளவு வரை ஏற்பது, ஓட்டையும் கறையும் உள்ள பீஸுக்கு யார் பொறுப்பு, 600 பீஸ் எடுத்தால் என்ன விலை ஆகிய மூன்றையும் அதே தாளின் அடியில் முதல் நாளே எழுதிவிடுவது நல்லது. சரக்கு தயாரானபின் இவற்றைப் பேசினால் பணமும் அவரிடம், சரக்கும் அவரிடம் இருக்கும்.