பாட்டிக்குத் தெரியாமல் ஒரு கதை

குறுஞ்செய்திக் கதையில் கதைசொல்லி கிடையாது; யார், எங்கே, எப்போது என்பதெல்லாம் செய்திகளிலிருந்தே தெரியவேண்டும். பாட்டியின் 80ஆம் பிறந்தநாளுக்கு அவருடைய பழைய கல்யாணப் போட்டோவைப் பெரிதாக்கி மாட்ட, பெரியப்பா மகளும் சித்தப்பா மகனும் ரகசியமாகத் திட்டமிடுவதாக வைத்துக்கொள்வோம்.

“அக்கா, போட்டோ கிடைச்சிருச்சு. ட்ரங்குப் பெட்டிக்கு அடியில இருந்துச்சு.”

“பாட்டி பாக்கலையேடா?”

“தூங்குறாங்க.”

உறவு, இடம், மாட்டிக்கொள்ளும் பயம் மூன்றும் வந்துவிட்டன. இருவருக்கும் தெரிந்த சங்கதியை வாசகருக்காக ஒருவர் மற்றவருக்கு விளக்கத் தொடங்கினால் கதை செயற்கையாகிவிடும். பலர் சறுக்குவது இங்கேதான்.

திருப்பத்தை வாட்ஸ்அப்பே தருகிறது. போட்டோ தவறிப்போய்க் குடும்பக் குரூப்பில் விழுகிறது. தம்பி பதறி எல்லோருக்குமாக அழித்தாலும், செய்தி நீக்கப்பட்டது என்ற வரி அங்கேயே நிற்கும். அதன் கீழே பாட்டி: “என்னடா அழிச்ச?”