பேரியம் படத்தில் உணவுக்குழாய்: ஓரம் சொல்லும் சேதி

உணவு நெஞ்சில் சிக்குவதாகச் சொல்பவருக்குப் பேரியம் கலந்த வெண்மையான நீரைக் குடிக்கக் கொடுத்து எக்ஸ்ரே எடுக்கிறார்கள். பேரியம் கதிர்களைத் தடுப்பதால், அது இறங்கும் பாதை வெள்ளையாகத் தெரியும்.

படத்தில் ஓரிடம் ஒடுங்கியிருந்தால் அது நிலையான சுருக்கமா என்று முதலில் பார்க்க வேண்டும். உணவுக்குழாய் சுருங்கி விரிந்துதான் உணவைத் தள்ளுகிறது. அதனால் ஒரு படத்தை மட்டும் நம்பக் கூடாது. அடுத்தடுத்த படங்களிலும் அதே இடம் விரியாமல் இருந்தால்தான் அது உண்மையான சுருக்கம்.

அடுத்தது ஓரம். ஒருவருக்குச் சோறு, தண்ணீர் இரண்டுமே பல மாதங்களாக இறங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். படத்தில் குழாய் மேலே அகன்று, கீழ்முனையில் வழவழப்பாகப் பறவையின் அலகுபோல் கூர்ந்து முடிகிறது. கீழ்த்தசை தளராத அக்கலேசியா நோயின் அடையாளம் இது. ஆனால், முதலில் சோறும் பிறகு தண்ணீரும் சிக்கி, படத்தில் சுருக்கம் திடீரென மேடுபோல் தொடங்கி, ஓரம் கரடுமுரடாக இருந்தால் புற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டும். நெடுநாள் அமில எதுக்களிப்பால் வரும் தழும்புச் சுருக்கமோ பெரும்பாலும் வழவழப்பாகவும் குட்டையாகவும் இரைப்பைக்குச் சற்று மேலேயும் இருக்கும்.

இரைப்பை வாயில் வளரும் புற்று சில சமயம் அக்கலேசியாவைப் போலவே அலகு வடிவம் காட்டும். குறிப்பாக, முதிய வயதில் சில மாதங்களுக்குள் எடை வேகமாகக் குறைந்திருந்தால் இந்த ஐயம் வலுக்கும். அதனால் வழவழப்பான ஓரத்தைக் கண்டும் நிம்மதியடைந்துவிடாமல், எண்டோஸ்கோபி செய்து, தேவையானால் சதைத்துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கிறார்கள்.