பிள்ளையின் கரப்பன்: களிம்பை எப்போது நிறுத்துவது?

கச்சான் காற்று வீசும் மாதங்களில் சில பிள்ளைகளின் முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் தோல் காய்ந்து சொரசொரத்து, இரவில் கடிக்கத் தொடங்கும். எமது நிறமுடைய பிள்ளைகளில் இது சிவப்பாகத் தெரிவது குறைவு. சாம்பல் பூத்தது போலவோ கருமையாகவோ இருக்கும். கரப்பன் என்று தாய்மார் சொல்லும் இது தொற்றுநோய் அல்ல. ஈரத்தைப் பிடித்து வைக்க இத்தோலால் முடிவதில்லை.

ஆகவே அன்றாட மருந்து ஈரங்காக்கும் பூச்சுத்தான். மலிவானதும் நல்லதும் வாசனை சேராத வெள்ளைப் பரபின். பிள்ளையை இளஞ்சூட்டு நீரில் பத்து நிமிடத்துக்கு மேற்படாமல் குளிப்பாட்டி, சவர்க்காரத்தைத் தவிர்த்து, துவாயால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, தோல் ஈரமாக இருக்கும்போதே பூசவேண்டும். கரப்பன் இல்லாத நாட்களிலும் காலை மாலை பூசுவது அவசியம். உடம்பு முழுவதும் பூசினால் கிழமைக்கு 250 கிராமாவது செல்லும். சிறிய போத்தல் ஒன்று மூன்று மாதம் வருகிறதென்றால் பூச்சுப் போதவில்லை.

கடி மிகும்போது வைத்தியர் ஸ்டீரொயிட் களிம்பு தருவார். மூன்று வயதுப் பிள்ளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரு முழங்கை, இரு முழங்கால் மடிப்புகளிலும் உள்ள கரப்பன், விரல்களும் சேர்ந்த தாயின் இரண்டு உள்ளங்கை அளவு. ஹைட்ரோகோட்டிசோன் 1 வீதக் களிம்பைத் தாயின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் ஒரு தடவைக்குப் போதும். பரபின் பூசி அரை மணித்தியாலம் கழித்து, வைத்தியர் சொன்னபடி, கரப்பன் உள்ள இடத்தில் மட்டும் பூசவேண்டும்.

மூன்றாம் நாள் கடி குறையும். பயத்தில் பலர் அன்றே நிறுத்திவிடுகிறார்கள். சில நாளில் கரப்பன் திரும்பிவிடுகிறது. விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு முற்றாகப் போய், அதன்பின் இரண்டு நாள் பூசி நிறுத்துவதே முறை. வேறு சிலர் கறுத்த அடையாளம் மறையும்வரை பூசுகிறார்கள். அந்த நிறம் மாறப் பல மாதம் செல்லும்; அதற்குக் களிம்பு வேண்டாம். ஒரு கிழமையிலும் தோல் மிருதுவாகாவிட்டால் கூடுதலாகப் பூசாமல் வைத்தியரிடம் திரும்பச் செல்லுங்கள்.

கடையில் கேட்டு வாங்கும் குளோபெற்றாசோல் போன்ற கடுமையான களிம்புகள் பிள்ளையின் தோலை மெலியச் செய்யும். முகத்திலும் கண்ணிமையிலும் அவை கூடவே கூடாது. படர்தாமரையைக் கரப்பன் என்று எண்ணி ஸ்டீரொயிட் பூசினால் அது உருமாறிப் பரவும். ஓரம் தடித்த வட்டமாக இருந்தால் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். மஞ்சள் பொருக்கு, நீர் வடிதல், காய்ச்சல், கூட்டமாகக் கிளம்பும் கொப்புளம் ஆகியவற்றுக்கு அன்றே வைத்தியசாலை செல்லவேண்டும்.

இன்னொன்று: பரபின் ஊறிய சட்டையும் படுக்கைவிரிப்பும் எளிதில் தீப்பற்றும். பூசிய பிள்ளையை அடுப்புக்கும் குப்பிவிளக்குக்கும் கிட்ட விடாதீர்கள்.